கசப்பான செய்தி உங்கள் அறைக்குள் வந்தால் என்ன ஆகிறது? வங்கித் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நம் நாட்டு வங்கிகளின் தலைவர்களுக்கும், மண்டல அலுவலகங்களை நடத்தும் பொது மேலாளர்களுக்கும் வணக்கம்.

கிளையிலும் மண்டல அலுவலகத்திலுமாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். ஒவ்வொரு நிதியாண்டின் தொடக்கத்திலும் நேர்மை குறித்த சுற்றறிக்கை ஒன்றை நீங்கள் அனுப்புகிறீர்கள். கிளையில் எல்லோரும் அதைப் படித்ததாகக் கையெழுத்திடுகிறார்கள். ஆனால் உங்கள் ஊழியர்கள் நேர்மையைக் கற்றுக்கொள்வது அந்தத் தாளிலிருந்து அல்ல, மாலையில் நடக்கும் இலக்கு ஆய்வுக் கூட்டத்தில் நீங்கள் நடந்துகொள்ளும் விதத்திலிருந்துதான். அதைப் பற்றி எழுதவே இம்மடல்.

அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். 2016 செப்டம்பர் 8 அன்று அவ்வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. வாடிக்கையாளர் கேட்காமலேயே அவர்கள் பெயரில் சேமிப்புக் கணக்குகளும் கடன் அட்டைகளும் திறக்கப்பட்டிருந்தன. முதலில் ஏறத்தாழ 20 லட்சம் கணக்குகள் ஐயத்துக்குரியவை என்றார்கள். மறு ஆண்டு அந்த எண்ணிக்கை 35 லட்சம் வரை போனது. ஐந்தாண்டுகளில் சுமார் 5,300 ஊழியர்கள் வேலையிழந்திருந்தார்கள்.

இந்த விவகாரத்தில் என்னைத் திடுக்கிட வைத்தது வேறொரு தொகை. முதல் ஆய்வின்படி, அந்தப் பொய்க் கணக்குகளால் வாடிக்கையாளரிடமிருந்து வங்கிக்கு வந்த கட்டணம் ஏறக்குறைய 26 லட்சம் டாலர்தான். அவ்வளவு பெரிய வங்கிக்கு அது ஒரு பொருட்டே அல்ல. அப்படியானால் பணத்துக்காக இல்லை; எண்ணிக்கைக்காகவே இத்தனையும் நடந்திருக்கிறது. ஒரு குடும்பத்துக்கு எத்தனை வங்கிச் சேவைகளை விற்றிருக்கிறோம் என்ற விகிதத்தை, தலைமைச் செயல் அலுவலர் ஜான் ஸ்டம்ப் காலாண்டுதோறும் முதலீட்டாளர்களிடம் பெருமையுடன் சொல்லி வந்தார். அது ஆறைத் தாண்டியிருந்தது, எட்டுக்குக் கொண்டுபோவதே குறிக்கோள். தலைவர் ஊரறியப் பெருமைப்படும் எண்ணைக் குறைத்துக் காட்டும் துணிச்சல் எந்தக் கிளை மேலாளருக்கு வரும்?

கீழே நடந்த வேலை எளிமையானது. வாடிக்கையாளரின் பழைய கணக்கிலிருந்து ஒரு தொகையைப் புதுக்கணக்குக்கு மாற்றி, அது பதிவானதும் திருப்பி எடுத்துவிடுவார்கள். உயிருள்ள கணக்கு என்ற தோற்றத்துக்கு அது போதும். ஜனவரி மாதத்துக்கென்று தனி விற்பனை இயக்கம் வேறு இருந்தது. அம்மாதத்தில் அன்றாட இலக்கு கூடும். மேலே இருந்தவர்களுக்கு இது தெரியாமலும் இல்லை. 2002ஆம் ஆண்டிலேயே கொலராடோவில் ஒரு கிளையில் ஏறக்குறைய எல்லா ஊழியர்களும் கணக்கைத் திரித்ததாக, அவ்வங்கியின் சுயேச்சை இயக்குநர்கள் 2017இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. பிடிபட்டவர்களை வேலையைவிட்டு நீக்கினார்கள்; இலக்கை மட்டும் மாற்றவில்லை. ஆண்டுக்கு ஒரு சதவீதத்தினர்தான் இப்படி நீக்கப்படுகிறார்கள், மற்றவர்கள் ஒழுங்காகவே இருக்கிறார்கள் என்று ஸ்டம்ப் ஆறுதல் கொண்டார். பிடிபட்டவர்களின் எண்ணிக்கையையே அவர் தவறு செய்தவர்களின் எண்ணிக்கையாக எடுத்துக்கொண்டார். கிளைகளை நடத்திய சில்லறை வங்கிப் பிரிவின் தலைவி ஓய்வு பெறப்போவதாக 2016 ஜூலையில் அறிவிக்கப்பட்டபோது, வங்கிப் பண்பாட்டின் கொடியேந்தி என்று அவரை ஸ்டம்ப் புகழ்ந்தார். அபராதச் செய்தி வந்த பின்னும், தவறு செய்ய யாருக்கும் ஊக்கம் தரப்படவில்லை என்றார். அடுத்த மாதமே பதவி விலகினார், 2020இல் 1.75 கோடி டாலர் அபராதத்துடன் வங்கித் தொழிலில் ஈடுபட வாழ்நாள் தடையும் அவர்மேல் விழுந்தது.

இது அமெரிக்கக் கதை என்று தள்ளிவிட வேண்டாம். அதே 2016 செப்டம்பரில், ஜன் தன் கணக்குகளில் இருப்பே இல்லாதவற்றின் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்ட, வங்கி ஊழியர்களே ஒரு ரூபாய் போட்டதை நம் நாட்டு நாளிதழ் ஒன்று வெளிக்கொண்டு வந்தது. எனக்கு அது செய்தியாகவே படவில்லை. நான் பணியாற்றிய கிளையில் ஒரு மாலை, காசாளர் தன் சட்டைப் பையிலிருந்து பத்து ரூபாய்த் தாள்களை எடுத்து எண்ணி வைத்துவிட்டு, வரிசையாகச் செலுத்துச் சீட்டுகளை நிரப்பிக்கொண்டிருந்தார். அன்று மதியம் மண்டலத் தலைவர் ஒவ்வொரு கிளையையும் பெயர் சொல்லி அழைத்து, திறந்த கணக்குகளின் எண்ணிக்கையைக் கேட்டிருந்தார். "மூன்றுதான் சார்" என்று உண்மையைச் சொன்ன மேலாளரை, பதிலே சொல்லாமல் தொலைபேசித் தொடர்பில் காக்க வைத்துவிட்டு, அடுத்த கிளைக்குப் போனார். மறுநாள் எந்தக் கிளையும் ஒற்றை இலக்கத்தில் பதில் சொல்லவில்லை. எங்கள் காசாளர் தம் பணி வாழ்வில் ஒரு ரூபாய்கூடக் கணக்குத் தவறாதவர். வாடிக்கையாளர் பணத்தைத் தொட நினைத்தும் பார்க்காதவர். அவரைத்தான் பொய்ச் சீட்டு எழுத வைத்தோம்.

இதற்கு மாறான ஒருவரிடமும் நான் வேலை பார்த்திருக்கிறேன். புதுக்கடன் கொடுத்துப் பழைய கடனைத் தீர்த்ததாகக் காட்டிவந்த பன்னிரண்டு கணக்குகள் என் கிளையில் இருந்தன. எனக்கு முன்பு இருந்தவர் தொடங்கியது, நானும் ஓராண்டு தொடர்ந்தேன். அதில் என் பங்கை நான் மறைக்கவில்லை. ஒரு நாள் தாங்க முடியாமல் மண்டல மேலாளரிடம் நேரில் போய்ச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை, பாராட்டவும் இல்லை. தலைமை அலுவலகத்துக்கு அனுப்பவிருந்த அறிக்கையை எடுத்து, அந்தத் தொகை முழுவதையும் வாராக்கடனில் சேர்த்துத் தம் கையெழுத்தையே போட்டார். அந்தக் காலாண்டில் எங்கள் மண்டலம் கடைசி இடத்துக்கு இறங்கியது. ஆய்வுக் கூட்டத்தில் அதற்கான கேள்விகளுக்கு அவரே எழுந்து பதில் சொன்னார், என் கிளையின் பெயரை உச்சரிக்கவில்லை. அடுத்த காலாண்டுக்குள் மேலும் நான்கு கிளை மேலாளர்கள், யாரும் கேட்காமலேயே, தங்கள் கணக்குகளை அவர் மேசைமேல் கொண்டுவந்து வைத்தார்கள். அவர் நேர்மையைப் பற்றி ஒரு கூட்டத்திலும் பேசி நான் கேட்டதில்லை.

தணிக்கையால் இவற்றைப் பிடிக்க முடியாதா என்று நீங்கள் கேட்கலாம். ஓரளவு முடியும். மாதத்தின் கடைசி மூன்று நாள்களில் கணக்குகள் குவிவது, திறந்த பின் 90 நாள்களாக ஒரு வரவு செலவும் இல்லாதது, பல கணக்குகளுக்கு ஒரே கைப்பேசி எண் இருப்பது, மார்ச்சில் விற்ற காப்பீட்டுப் பாலிசிகள் ஏப்ரலில் ரத்தாவது ஆகியவை தெளிவான அடையாளங்கள். ஆனால் தலைவரின் கண் எங்கே இருக்கிறதோ அதற்கேற்ப ஏமாற்றும் முறை மாறிக்கொண்டே இருக்கும். இருப்பில்லாத கணக்குகளை எண்ணினால் ஒரு ரூபாய் போடுவார்கள்; ஒரு ரூபாயைக் கண்டுபிடித்தால் நூறு ரூபாய் போட்டு எடுப்பார்கள்.

எனவே உங்களிடம் நான் கேட்பது சிறிய காரியம். வரும் மார்ச் மாத ஆய்வுக் கூட்டத்தில், திறந்த கணக்குகளின் எண்ணிக்கையைக் கேட்பதற்கு முன், கடந்த ஆண்டு திறந்தவற்றில் இன்று புழக்கத்தில் உள்ளவை எத்தனை என்று கேளுங்கள். அந்த எண்ணையே இயக்குநர் குழுவிடமும் பங்குதாரர்களிடமும் உங்கள் வாயால் சொல்லுங்கள், அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும். கூட்டத்தில் ஒரு கிளை மேலாளர் "மூன்றுதான் சார்" என்று சொன்னால், அடுத்த கிளைக்குப் போய்விடாமல், அந்த ஊரில் மூன்றுக்கு மேல் ஏன் முடியவில்லை என்று அவரிடமே கேட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை தொடர்பில் இருங்கள். மற்ற கிளைகள் அனைத்தும் அப்போது கேட்டுக்கொண்டிருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வங்கி அலுவலர் ஒருவர்