வீட்டுச் சாமான்களின் விலை குறித்துச் செல்வத்துக்கு

பினாங்கு

அன்புள்ள செல்வம்,

நலம். விசா கிடைத்துவிட்டது என்றும், மாத இறுதிக்குள் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டைக் காலி செய்து மெல்பர்ன் புறப்பட வேண்டும் என்றும் நீ எழுதியதைப் படித்து மகிழ்ந்தோம். நீ அனுப்பிய விலைப் பட்டியலைப் பற்றி மட்டும் இதில் எழுதுகிறேன்.

ஒவ்வொரு பொருளுக்கும் வாங்கிய விலையில் பாதியைப் போட்டிருக்கிறாய். வாங்குபவரோ, அந்தப் பொருள் தம் வீட்டில் வந்து நிற்கும்வரை மொத்தம் எவ்வளவு ஆகும் என்றுதான் பார்ப்பார். மூன்று கதவு அலமாரியை எடுத்துக்கொள். 1,200 வெள்ளிக்கு வாங்கியதற்கு 600 கேட்கிறாய். லாரிக்கு 200, கழற்றிப் பூட்டும் ஆளுக்கு 150 என்று வைத்தால் அவருக்கு 950 ஆகிறது. இன்னும் 250 போட்டால் கடைக்காரரே புதியதைக் கொண்டுவந்து பூட்டிக் கொடுத்துவிடுவார். மேலும், அது மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. திருகாணியைக் கழற்றினால் துளை தளர்ந்து, மறுபடி பூட்டும்போது பழைய பிடிப்பு இருக்காது. ஆகவே வெளியாரிடம் 200க்கு மேல் எதிர்பார்க்காதே. உன் அடுக்குமாடியிலேயே ஒருவர் வாங்கி, அலமாரி முழுதாக மின்தூக்கியில் நுழையுமானால், லாரியும் வேண்டாம், கழற்றவும் வேண்டாம்; அவரிடம் 400 கேட்கலாம். எனவே குடியிருப்பாளர்களின் வாட்ஸ்அப் குழுவில்தான் முதலில் போட வேண்டும்.

தேக்கு மேசை இதற்கு நேர்மாறு. கால்கள் போல்ட்டில் கழன்று வரும். கீறலைத் தேய்த்து மெருகிட்டுவிடலாம். அதை முதல் வாரம் நீ போட்ட 1,500க்கே வைத்திருந்து, பிறகு 1,200க்கு இறங்கு. பலர் விசாரித்தும் ஒருவரும் பார்க்க வரவில்லையென்றால் விலை கூடுதல். வந்து பார்த்தவர்கள் வாங்காமல் போனால், படத்தில் தெரியாத ஏதோ குறையை நேரில் கண்டிருக்கிறார்கள். இரண்டாவதற்கு விலையைக் குறைப்பதைவிட, குறையையும் படமெடுத்துப் போடுவதே நல்லது.

கடைசி வாரத்தில் கணக்கே மாறிவிடும். விற்காத சோபாவை அப்புறப்படுத்த லாரிக்காரருக்கு நீ 250 வெள்ளி கொடுக்க வேண்டியிருந்தால், 50 வெள்ளி கொடுத்துத் தானே தூக்கிப்போகிறேன் என்பவரால் உனக்கு 300 மிச்சம். அவரிடம் பேரம் பேசி நாளைக் கடத்தாதே. சாமான் இறக்க மின்தூக்கியை ஞாயிற்றுக்கிழமை தருவார்களா என்று நிர்வாக அலுவலகத்தில் இப்போதே கேட்டுவை. வேலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அன்றுதான் வருவார்கள்.

குளிர்சாதனப் பெட்டியும் மெத்தைகளும் உங்களுக்குக் கடைசிவரை தேவை. அவற்றைக் கொஞ்சம் மலிவாகவே இப்போது பேசி முடித்து, பாதிப் பணத்தை முன்பணமாக வாங்கிக்கொண்டு, புறப்படுவதற்கு முதல் நாள் எடுத்துப்போகச் சொல். பணம் அனுப்பியதாக ஒருவர் காட்டும் படத்தை நம்பாமல், உன் கணக்கில் வந்ததா என்று பார்த்துக்கொள்.

அலமாரியின் பின்பலகை ஈரத்தில் உப்பியிருக்கிறதா என்று பார்த்து எழுது. உப்பியிருந்தால் நான் சொன்ன 400ம் கிடைக்காது.

அன்புடன்,
மாறன்