கோழிக்கொத்தில் மிஞ்சிய 34 ரூபா

ஆசிரியர் அவர்களுக்கு,

திருநெல்வேலியில் சிறிய உணவகமொன்றை நடத்திவரும் நான், இணையவழி உணவு விநியோக நிறுவனமொன்றுடன் செய்திருந்த கட்டண விளம்பரத் திட்டத்தைக் கடந்த மாதம் முடித்துக்கொண்டேன். அந்நிறுவனத்தின் செயலியில் எங்கள் கடை இன்னமும் இருக்கிறது. விலகியது விளம்பரத்திலிருந்து மட்டுமே. இதே திட்டத்தில் சேருமாறு அயலிலுள்ள கடைக்காரர்களிடமும் இப்போது கேட்கப்படுவதால், என் கணக்கை அவர்கள் முன் வைப்பது பயன்படும் என்று எண்ணுகிறேன்.

திட்டத்தின்படி, செயலியைத் திறப்பவர்களுக்கு எங்கள் கடையை மேல்வரிசையில் காட்டுவார்கள். அவ்வழியாக வரும் ஒவ்வொரு ஓடரிலும் 8 சதவீதம் விளம்பரக் கட்டணமாக எடுப்பார்கள். வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் 20 சதவீத விலைக்கழிவையும் நாங்களே ஏற்க வேண்டும். வழமையான 25 சதவீதக் கொமிஷன் இவற்றுக்கு வெளியே.

செயலியில் 1,200 ரூபாவுக்குப் போட்டிருந்த கோழிக்கொத்தை எடுத்துக்கொள்வோம். கழிவு 240 ரூபா. வாடிக்கையாளர் கட்டுவது 960. ஆனால் கொமிஷனும் விளம்பரக் கட்டணமும் இந்த 960 ரூபாவில் அல்ல, பழைய 1,200 ரூபாவிலேயே கணக்கிடப்பட்டன. ஒப்பந்தத்தில் அது ஒரே வரியில் இருந்தது; கையெழுத்திடும்போது நான் அதைக் கவனிக்கவில்லை. ஆகவே கொமிஷனுக்கு 300, விளம்பரத்துக்கு 96 போக என் கைக்கு வந்தது 564 ரூபா. இறைச்சி, ரொட்டி, முட்டை, மரக்கறிக்கு 480 ரூபாவும் பெட்டி, பைக்கு 50 ரூபாவும் போனால் மிச்சம் 34 ரூபா. எரிவாயு, மின்சாரம், கடை வாடகை, கொத்துத் தட்டின் முன் வியர்வையோடு நிற்கிறவரின் சம்பளம் எல்லாம் அந்த 34 ரூபாவுக்குள் அடங்க வேண்டும். விளம்பரம் இல்லாமல் அதே செயலியில் விற்றால் மிஞ்சுவது 370 ரூபா.

புதியவர்கள் வருவார்கள் என்றால் இதையும் பொறுத்துக்கொள்ளலாம். எப்படியும் எங்களிடம் வாங்கியிருக்கக்கூடிய ஒருவர் கழிவு விலையில் வாங்கினால், நாங்கள் இழப்பது 336 ரூபா. அதை ஈடுசெய்யப் புதியவர்கள் பத்துப் பேர் வேண்டும். நிறுவனம் அனுப்பும் மாத அறிக்கையோ விளம்பரத்தைத் தொட்டு வந்த எல்லா ஓடர்களையும் விளம்பரத்தின் பலனாகவே காட்டும். முதல் மாதம் விற்பனை ஏறியபோது நானும் அதை நம்பினேன். திட்டம் தொடங்கியதோ நல்லூர்த் திருவிழா முடிந்த மறுவாரம். திருவிழா நாட்களில் மச்சம் தவிர்த்திருந்த வீடுகள் மீண்டும் கொத்து வாங்கத் தொடங்கும் அந்த வாரங்களில், எங்களைப் போன்ற அசைவக் கடைகளின் வியாபாரம் விளம்பரம் இல்லாமலே ஏறும் என்பது எனக்குத் தெரிந்திருந்தும் அப்போது நினைவில் வரவில்லை.

பின்னர் ஒரு வாரத்து ஓடர்களைத் துண்டு துண்டாகப் பார்த்தேன். முதற்தடவை வாங்குபவரா, முன்னர் வாங்கியவரா என்பது ஒவ்வொரு ஓடரின் விபரத்திலும் இருக்கிறது. 74 ஓடர்களில் புதியவர்கள் 23 பேர். மற்ற 51 பேரும் பழையவர்கள். அவர்களில் 26 பேர் கழிவுக்காகவே வந்தார்கள் என்று தாராளமாக வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் கோழிக்கொத்தாகவே கணக்கிட்டாலும், அந்த 49 ஓடர்களில் கிடைத்தது 1,666 ரூபா. மீதி 25 பேரிடம் இழந்தது 8,400 ரூபா.

முடித்துக்கொள்வதும் எளிதாக இருக்கவில்லை. செயலியில் உள்ள நிறுத்தும் பொத்தான் விளம்பரத்தைத் தற்காலிகமாக மட்டுமே நிறுத்தும். முதலாம் திகதி திட்டம் தானாகவே புதுப்பிக்கப்படும். முற்றாக விலக 14 நாட்களுக்கு முன் எழுத்தில் அறிவிக்க வேண்டும். விலைக்கழிவு தனியொரு பதிவாக இருந்ததால், விளம்பரம் நின்ற பின்னும் நான்கு நாட்கள் அது ஓடியது. மகளின் தொலைபேசியில் வாடிக்கையாளராக உள்நுழைந்து பார்த்தபோதுதான் 1,200 வெட்டப்பட்டு 960 என்று காட்டிக்கொண்டிருந்ததைக் கண்டேன். விலகுகிறவர்கள் இரண்டையும் தனித்தனியே நிறுத்தி, இவ்வாறு வெளியிலிருந்தும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

விலகிய பின் எங்கள் கடை பட்டியலில் கீழே போய்விட்டது. வாரத்து ஓடர்கள் 74 இலிருந்து 41 ஆகக் குறைந்தன. ஆனால் அதே கோழிக்கொத்துக் கணக்கில் 74 ஓடர்களுக்கு 2,516 ரூபா மிஞ்சிய இடத்தில், இப்போது 41 ஓடர்களுக்கு 15,170 ரூபா மிஞ்சுகிறது. கடைக்கு நேரில் வரும் பல்கலைக்கழகப் பிள்ளைகளும் இரவில் முன்போல் நெடுநேரம் காத்து நிற்பதில்லை.

புதியவர் எத்தனை பேர், பழையவர் எத்தனை பேர் என்பதை நிறுவனங்கள் மாத அறிக்கையின் முதற்பக்கத்திலேயே தர வேண்டும். கொமிஷன் எந்த விலையில் கணக்கிடப்படுகிறது என்பதை ஒப்பந்தத்தில் தமிழிலும் எழுத வேண்டும் என்பதும் என் கோரிக்கை.

இப்படிக்கு,
உணவக உரிமையாளர் ஒருவர்,
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்.