தம்பிக்கும் மச்சானுக்கும் ஒரே சொல்லா?

ஆசிரியருக்கு வணக்கம்.

உறவுச் சொற்கள் பற்றிய வாசகர் கடிதங்களைப் படித்தேன். 'அங்கிள்' என்ற ஒரு சொல்லில் பெரியப்பா, சித்தப்பா, மாமா எல்லாரும் அடங்கிவிடுகிறார்கள் என்ற வருத்தம் பழையது. விசாப் படிவத்தில் நம்மைக் கவிழ்ப்பது அதுவல்ல, 'பிரதர்' என்ற சொல்தான்.

எங்கள் கோத்தகிரியில் 1964 ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் பல உண்டு. பக்கத்து வீட்டுக்காரரின் தாயாரும் அப்படி வந்தவர். தாயாரின் தங்கை அங்கேயே தங்கிவிட்டார். அந்தச் சித்தியின் மகன் இப்போது டொராண்டோவில் இருக்கிறார். அவர் தன் மகள் கல்யாணத்துக்கு இவரை அழைத்திருந்தார். எழுத்துப் பிழை பார்க்கச் சொல்லிப் படிவத்தை என்னிடம் கொடுத்தார்கள். உடன்பிறந்தோர் பகுதியில் கோத்தகிரித் தங்கைகள் இருவருக்குக் கீழே டொராண்டோத் தம்பியும் இருந்தார். அழைப்புக் கடிதத்திலும் 'என் பிரதர்' என்றே இருந்தது.

நமக்கு அதில் பொய்யில்லை. சித்தி மகன் தம்பிதான். ஆனால் அந்தப் பகுதி கேட்பது தாயோ தந்தையோ பொதுவாக உள்ளவர்களையும், பெற்றோரின் மறுமணத்தால் வந்த பிள்ளைகளையும்தான். இருவரின் தாய் பெயரையும் தந்தை பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். இங்கே இரண்டுமே வேறு. போதாததற்கு, நம் வழக்கப்படி தந்தை பெயரே குடும்பப் பெயர் கட்டத்தில் போய் உட்காருவதால், 'சகோதரர்கள்' இருவருக்கும் வெவ்வேறு குடும்பப் பெயர். தம்பி குடியேறியபோது கொடுத்த விவரத்தோடு ஒப்பிட்டால் சந்தேகம் வராமல் இருக்குமா? தவறான தகவல் என்று முடிவாகிவிட்டால் கனடாவில் ஐந்து ஆண்டுத் தடை வரலாம்.

தம்பி பெயரை எடுத்துவிட்டோம். அழைப்புக் கடிதத்தில் 'ஃபர்ஸ்ட் கசின், என் தாயாரின் அக்கா மகன்' என்று மாற்றி எழுதச் சொன்னோம். இவருடைய தாயாரின் பழைய குடும்ப அட்டையில் தாத்தாவின் பெயர் இருந்தது. சித்தியின் பிறப்புச் சான்றிலும் அதே பெயர். இரண்டின் நகலையும் இணைத்தோம்.

இவருக்குத்தான் மனம் ஆறவில்லை. மனைவி இவருக்குச் சொந்த அத்தை மகள். அப்படியானால் மனைவியின் அண்ணனும் 'கசின்'தானே? "தம்பிக்கும் மச்சானுக்கும் ஒரே சொல்லா? ஒருவன் வீட்டில் பெண் எடுக்கலாம், இன்னொருவன் வீட்டில் எடுக்கவே கூடாது. இது கூடத் தெரியாத பாஷையா?" என்றார். என்னிடம் பதிலில்லை.

பெயரை எடுத்த செய்தியைத் தம்பியிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தயங்கிவிட்டுப் போன் செய்தார். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "நான் இங்கே வந்தபோது உங்கள் பெயரையும் எழுதக் கூடாது என்றார்கள், அண்ணா. இத்தனை வருஷமாக உங்களிடம் சொல்லவில்லை" என்றாராம்.

– ஓய்வுபெற்ற ஆசிரியர், கோத்தகிரி.