மூடிய டிக்கெட்டைத் திறங்கள்: ஐடி ஹெல்ப்டெஸ்க்குக்கு ஒரு திறந்த மடல்

ஐடி ஹெல்ப்டெஸ்க்கில் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

திருப்பூர் யூனிட்டின் பில் பாஸிங் பிரிவிலிருந்து எழுதுகிறேன். ஜாப் ஒர்க் பில் ஏறவில்லை என்று நாங்கள் போட்ட டிக்கெட்டை ஜூன் 18 அன்று "எங்களிடம் பிழை வரவில்லை" என்று எழுதி மூடிவிட்டீர்கள். அதைத் திரும்பத் திறக்க வேண்டும். மூன்று மெயில் அனுப்பினேன், எதற்கும் பதில் இல்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன், தவறாக நினைக்க வேண்டாம்.

பிழையைச் சொல்வதற்கு முன்னால் ஜூன் 21, சனிக்கிழமை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நமக்கு பனியன் தைத்துக் கொடுக்கும் ஒரு அக்கா காலையிலேயே வந்துவிட்டார். ஓவர்லாக், பேட்லாக் எல்லாம் சேர்த்துப் பதினான்கு மிஷின் வைத்திருக்கிறார். ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் ரூபாய் பில், ஜூன் 9 தேதியிட்டது. பத்து நாள் தவணை, அதனால் 20-ஆம் தேதி வெள்ளிக்கிழமை பேமெண்ட் லிஸ்டில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் திரையில் தேடினால் செப்டம்பர் 16 அன்று கொடுக்க வேண்டியது என்று காட்டுகிறது. அவர் பையிலிருந்து பில்லின் கார்பன் காப்பியை எடுத்து மேஜையில் விரித்தார். பால்பாயின்ட் பேனாவில் 09/06/2025, அதன் மேல் நம்முடைய இன்வர்டு சீல். "தேதி சரியாத்தானுங்க போட்டிருக்கு, எங்க தப்புன்னு சொல்லுங்க, திருத்திக் கொண்டாறேன்" என்றார். தப்பு அவருடையது இல்லை என்று எனக்குத் தெரியும், ஆனால் சிஸ்டம் செப்டம்பர் என்று சொல்லும்போது என்னால் செக் போட முடியாது. கையால் வவுச்சர் எழுதி, மேனேஜர் கையெழுத்து வாங்கி, திங்கட்கிழமை மாலைதான் பணம் போனது. அந்தச் சனிக்கிழமை தன் டெய்லர்களுக்குப் பாதிச் சம்பளம்தான் கொடுக்க முடிந்தது என்றார். இந்த ஊரில் சனிக்கிழமை சம்பளம் நின்றால் திங்கட்கிழமை டெய்லர் வேறு யூனிட்டில் உட்கார்ந்திருப்பார், உங்களுக்குத் தெரியாதது இல்லை.

சரி, பிழைக்கு வருகிறேன். மே 31, ஜூன் 1 இரண்டு நாளும் சர்வரை மாற்றினீர்கள். மாற்றுவதற்கு முன்பே மே மாத பில் எல்லாவற்றையும் ஏற்றி முடித்துவிடச் சொன்னீர்கள், முடித்துவிட்டோம். ஜூன் 2 முதல் 12 வரை எந்தப் புகாரும் இல்லை. 13-ஆம் தேதி காலையில் முதல் பில்லிலேயே நின்றது.

நீங்களே செய்து பாருங்கள். பர்ச்சேஸ் மெனுவில் ஜாப் ஒர்க் பில் திரையைத் திறந்து, யூனிட் பெயரையும் டிசி எண்ணையும் கொடுத்து, பில் தேதியில் 13/06/2025 என்று அடித்து சேவ் கொடுங்கள். சில விநாடி கழித்து இந்தச் செய்தி வரும்:

```
The conversion of a varchar data type to a datetime data type resulted in an out-of-range value.
```

OK கொடுத்தால் அதுவரை அடித்த வரிகள் அத்தனையும் அழிந்துவிடும். ஸ்டைல் வாரியாக, சைஸ் வாரியாகப் பதினெட்டு வரி உள்ள பில்லைத் திரும்ப முதலிலிருந்து அடிக்க வேண்டும்.

இப்போது அதே பில்லை 12/06/2025 என்று அடித்துப் பாருங்கள். ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏறிவிடும். அத்தோடு விட்டுவிடாமல் பேமெண்ட் டியூ ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். பில் தேதி 2025 டிசம்பர் 6 என்று இருக்கும். நான் உங்களிடம் சொல்ல வந்தது இதைத்தான். பிழைச்செய்தி வருகிற பில் ஏறவில்லை, அவ்வளவுதான், அதனால் கணக்கு கெடவில்லை. பிழைச்செய்தி வராமல் ஏறிய பில்தான் கெட்டுக் கிடக்கிறது.

சிஸ்டம் நாளையும் மாதத்தையும் மாற்றிப் படிக்கிறது. 13-ஐ மாதம் என்று எடுத்துக்கொண்டால் பதின்மூன்றாவது மாதம் கிடையாது, அதனால் நின்றுவிடுகிறது. 12 வரை எந்த எண்ணும் மாதமாகப் பொருந்திவிடும், அதனால் வாங்கிக்கொள்கிறது. ஜூன் 2 தேதியிட்ட பில் பிப்ரவரி 6 ஆகிவிட்டது, ஜூன் 3 மார்ச் 6, ஜூன் 9 செப்டம்பர் 6. கெட்டுப்போன எல்லா பில்லும் ஏதோ ஒரு மாதத்தின் 6-ஆம் தேதியில் போய் உட்கார்ந்திருக்கிறது. நான் ரிப்போர்ட்டைத் தேதி வாரியாக வரிசைப்படுத்தியபோதுதான் இது கண்ணில் பட்டது.

உங்களில் ஒருவர் 17-ஆம் தேதி எங்கள் மேஜைக்கே வந்து பார்த்தார், அதற்கு நன்றி. ஆனால் ட்ரேயின் மேலே இருந்த பில்லை எடுத்துப் போட்டார், அதன் தேதி 06/06/2025. நாளும் மாதமும் ஒன்றாக இருக்கும் அந்த ஒரு தேதியை எப்படித் திருப்பிப் படித்தாலும் சரியாகத்தான் வரும். ரிப்போர்ட்டிலும் சரியாகவே வந்தது. அதை வைத்துத்தான் மறுநாள் டிக்கெட்டை மூடினீர்கள். அதற்கு முன்பு என் கம்ப்யூட்டரில் விண்டோஸ் தேதி அமைப்பை மாற்றச் சொன்னீர்கள், மாற்றினேன், ரீஸ்டார்ட் செய்தேன். பக்கத்து மேஜையிலும், ஸ்டோரில் இருக்கும் கம்ப்யூட்டரிலும் இதே பிழைதான் வருகிறது, அப்படியானால் கோளாறு என் கம்ப்யூட்டரில் எப்படி இருக்கும்?

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 13-ஆம் தேதி ஃபோனில் கேட்டபோது, "12 வரை ஏறுகிறதல்லவா, சரிசெய்யும் வரை 12 என்றே போட்டுக்கொள்ளுங்கள்" என்றார்கள். வாசலில் ஆள் நிற்கிறார் என்ற அவசரத்தில் நாங்களும் இருபத்தொன்பது பில்லை அப்படிப் போட்டுவிட்டோம். அந்த இருபத்தொன்பதும் இப்போது டிசம்பர் 6-இல் இருக்கிறது. அப்படிப் போடச் சொன்னவர் ஒரே ஒரு பில்லின் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்திருந்தால் போதும்.

காரணம் என்ன என்று, முன்பு நம்மிடம் புரோகிராமராக இருந்த ஒரு தம்பியிடம் ஃபோனில் கேட்டேன். கேட்டதுமே சொல்லிவிட்டார். எஸ்க்யூஎல் சர்வரில் ஒவ்வொரு லாகினுக்கும் ஒரு மொழி உண்டு, தேதியை எந்த வரிசையில் படிப்பது என்பதை அதுதான் முடிவு செய்கிறது. பழைய சர்வரில் நம் ஈஆர்பி லாகினுக்கு British என்று வைத்திருந்தார்கள். டேட்டாபேஸ் பேக்கப்பைப் புதிய சர்வரில் ஏற்றினால் லாகின் அதனோடு வராது, அதைப் புதிதாக உருவாக்க வேண்டும். உருவாக்கும்போது மொழியைச் சொல்லாமல் விட்டால் சர்வரில் இருக்கும் us_english வந்துவிடும், அதில் மாதம்தான் முதலில். இந்த ஒரு வரியை ஓட்டினால் தெரிந்துவிடும் என்றார்:

```sql
SELECT name, default_language_name FROM sys.server_principals;
```

அப்படித்தான் இருக்கிறது என்றால் லாகினின் மொழியை மாற்றிவிட்டு, ஈஆர்பி சர்வீஸையும் ஒருமுறை நிறுத்தித் தொடங்க வேண்டும், ஏனென்றால் ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்புகள் பழைய அமைப்பிலேயே ஓடும். நிரந்தரமாகச் சரிசெய்வது என்றால், திரையிலிருந்து தேதியைச் சாய்கோடு போட்ட எழுத்தாக அனுப்பாமல் 20250613 என்ற மாதிரி அனுப்ப வேண்டுமாம். எந்த மொழி இருந்தாலும் அதை ஒரே மாதிரிதான் படிக்கும். அது புரோகிராம் வேலை, நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். லாகின் மொழியை மாற்றுவதற்கு அவ்வளவு நேரம் வேண்டியதில்லை.

ஆனால் மொழியை மாற்றினால் இனிமேல் ஏறும் பில்தான் சரியாகும், ஏற்கெனவே ஏறியது அப்படியே இருக்கும். ஜூன் 2 முதல் 12 வரை தவறாக ஏறியது அறுபத்து மூன்று பில், அதன் பிறகு 12 என்று போட்டது இருபத்தொன்பது. பதிவு செய்த தேதியை சர்வரே எடுத்துக்கொள்வதால் அது சரியாக இருக்கிறது, அதை வைத்துப் பிடிக்கலாம். பில் தேதி பதிவுத் தேதிக்குப் பிறகு இருந்தால் தவறு என்று மட்டும் தேடாதீர்கள், ஜூன் 5 வரை உள்ளவை பின்னோக்கிப் போயிருப்பதால் அதில் சிக்காது. ஜூன் 2 முதல் பதிவாகி, நாள் 6 என்றும் மாதம் ஜூன் அல்லாமலும் இருப்பவற்றை எடுங்கள். அப்புறம், தயவுசெய்து மொத்தமாக ஒரே அப்டேட்டில் திருப்பிவிடாதீர்கள். 12 என்று போட்ட இருபத்தொன்பதையும் திருப்பினால் ஜூன் 12 என்றுதான் வரும், அதுவும் தவறு. அவற்றின் உண்மையான தேதி காகித பில்லில் மட்டும்தான் இருக்கிறது.

இதில் கெடுவது பேமெண்ட் லிஸ்ட் மட்டும் இல்லை. பிப்ரவரி, மார்ச் என்று போன பில் எல்லாம் முடிந்துபோன 2024-25 கணக்கில் நிற்கிறது. ஜூலை 14 அன்று ஜிஎஸ்டிஆர்-2பி வரும், அதில் உள்ள பில் எண்ணையும் தேதியையும் வைத்துத்தான் நம் பதிவோடு ஒப்பிட வேண்டும், ஒன்றும் பொருந்தாது. நமக்குத் தைத்துக் கொடுப்பவர்களில் பெரும்பாலானோர் உத்யம் பதிவு செய்த சிறு யூனிட்கள், அவர்களுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நம் சிஸ்டமோ செப்டம்பர் வரை நாள் இருக்கிறது என்று காட்டிக்கொண்டிருக்கும்.

இன்று ஜூன் 27. செவ்வாய்க்கிழமை ஜூலை 1. அன்று முதல் பிழைச்செய்தி தானாகவே நின்றுவிடும், 12-ஆம் தேதி வரை எல்லா பில்லும் அமைதியாக ஏறும். சரியாகிவிட்டது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதுதான் என் பயம். அந்தப் பன்னிரண்டு நாளில் ஏறுவது எல்லாம், ஜூலை 7 தவிர, திரும்பவும் தவறான மாதத்தில் போய் விழும்.

டிக்கெட்டை மூடுவதற்கு முன்னால் அதைப் போட்டவரிடம் ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? ஸ்டோரிலும் கட்டிங்கிலும் இருப்பவர்கள் இப்போதெல்லாம் டிக்கெட் போடுவதையே விட்டுவிட்டார்கள், மூடிவிடுவார்கள் என்று தெரிந்து நோட்டில் எழுதி வைத்துக்கொள்கிறார்கள். உங்கள் ஆட்கள் குறைவு என்பதும், சர்வர் மாற்றிய வாரத்தில் நீங்கள் ராத்திரி தூங்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அதற்காக இதை விட முடியவில்லை.

தயவுசெய்து அந்த டிக்கெட்டைத் திறங்கள். ஜூன் 30 திங்கட்கிழமைக்குள் லாகின் மொழியைப் பார்த்து மாற்றிக் கொடுங்கள். பிறகு தொண்ணூற்று இரண்டு பில்லையும் ஒவ்வொன்றாகத் திருத்த ஒரு ஆளைக் கொடுங்கள். காகித பில் எல்லாவற்றையும் எண் வாரியாக அடுக்கி ஒரு பைலில் போட்டு வைத்திருக்கிறேன், சரியான தேதியைப் பக்கத்தில் பென்சிலால் குறித்திருக்கிறேன். எந்த நேரம் என்று சொன்னால் நானே எடுத்துக்கொண்டு வந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொல்கிறேன், ஞாயிற்றுக்கிழமை என்றாலும் வருகிறேன்.

இப்படிக்கு,
பில் பாஸிங் பிரிவு, திருப்பூர் யூனிட்