300 ஹெர்ட்ஸ் எங்கே போனது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த சிக்னல் பிராசசிங் மாதிரி வினாத்தாளில் எட்டாம் கேள்விக்குத் தந்திருக்கும் விடை தவறு. அந்தப் பாடத்தைப் பல ஆண்டுகளாக நடத்துகிறவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். விடைத்தாள் திருத்தும்போது நான் அடிக்கடி பார்க்கும் அதே பிழை அச்சிலும் வந்துவிட்டது என்பதுதான் என் வருத்தம்.

கேள்வி இது: x(t) = 3 cos(200πt) + 2 cos(600πt) என்ற சிக்னலை 400 ஹெர்ட்ஸ் வீதத்தில் சாம்பிள் செய்தால், 0 முதல் 200 ஹெர்ட்ஸ் வரையிலான ஸ்பெக்ட்ரத்தில் என்ன தெரியும்? விடைக்குறிப்பு நேராக ஃபூரியர் உருமாற்றத்துக்குப் போய், 100 ஹெர்ட்ஸில் வீச்சு 3, 300 ஹெர்ட்ஸில் வீச்சு 2 என்று கண்டு, இரண்டாவது எல்லைக்கு வெளியே இருப்பதால் 100-இல் 3 மட்டும் தெரியும் என்று முடிக்கிறது. வெளியே இருப்பது காணாமல் போய்விடும் என்ற நினைப்புதான் இங்கே கோளாறு. அது போகாது, மடிந்து உள்ளே வரும்.

t = n/400 என்று போட்டுப் பாருங்கள். முதல் உறுப்பு 3 cos(πn/2), இரண்டாவது 2 cos(3πn/2). n = 0, 1, 2, 3 என்று வைத்தால் இரண்டு கொசைன்களுமே 1, 0, −1, 0 என்ற ஒரே வரிசையைத் தருகின்றன. 400-இலிருந்து 300-ஐக் கழித்த 100-இல், ஏற்கெனவே இருக்கும் கோட்டின் மேலேயே இரண்டாவது வந்து உட்கார்ந்துவிட்டது. சாம்பிள்கள் 5, 0, −5, 0 என்று ஓடும். தெரிவது ஒரே கோடு, வீச்சு 5.

இதே கேள்வியில் இரண்டு கொசைன்களையும் சைனாக மாற்றினால் விடை 5 அல்ல, 1. மடியும்போது sin(3πn/2) என்பது −sin(πn/2) ஆகிவிடுவதால் 3-இலிருந்து 2 கழிகிறது. கட்டம் மாறினால் வீச்சே மாறும் என்பதால், ‘மடிந்தவற்றைக் கூட்டிவிடு’ என்று மனப்பாடம் செய்தவர்களும் இங்கே தவறுவார்கள்.

கணக்கிட்ட பிறகு சரிபார்த்துக்கொள்ளலாமே என்று மாணவர்கள் கேட்பதுண்டு. முடியாது. 5 cos(200πt) என்ற தனி அலையும் இதே சாம்பிள்களைத்தான் தரும். புள்ளிகளை 4-இலிருந்து 4096 ஆக்கினாலும், பின்னால் எந்த டிஜிட்டல் ஃபில்டர் வைத்தாலும், ஒன்றாகிவிட்ட எண்களைப் பிரிக்க வழியில்லை. அதனால்தான் ஏலியாசிங்கைத் தடுக்கும் ஃபில்டரைச் சாம்பிளருக்கு முன்னால் வைக்கிறோம். ஆய்வகத்தில் சந்தேகம் வந்தால் வேறு வீதத்தில் மறுபடி சாம்பிள் செய்ய வேண்டும். இதே கொசைன் சிக்னலை 500 ஹெர்ட்ஸில் எடுத்தால் 100-இல் இருந்த 5, 3 ஆகக் குறையும். 200-இல் புதிதாக 2 முளைக்கும். உண்மையான அதிர்வெண் நின்ற இடத்தில் நிற்கும், மடிந்து வந்தது இடம் மாறும்.

விடைக்குறிப்பின் இறுதியில் ‘வீதம் உச்ச அதிர்வெண்ணின் இரு மடங்குக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருந்தால் போதும்’ என்றும் இருக்கிறது. சமமாக இருந்தால் போதாது. 200 ஹெர்ட்ஸ் சைன் அலையை 400 ஹெர்ட்ஸில் எடுத்தால் கிடைப்பது sin(πn), அதாவது எல்லாச் சாம்பிளும் பூஜ்யம். எல்லையிலேயே ஓர் அலை நிற்கும்போது வீதம் இரு மடங்கைத் தாண்டியே ஆக வேண்டும்.

பதினொன்றாம் கேள்வியின் விடை சரி, ஆனால் அதில் ஒரு நுணுக்கம் விடுபட்டிருக்கிறது. cos(300πt)-ஐ வர்க்கப்படுத்தி 400 ஹெர்ட்ஸில் சாம்பிள் செய்யச் சொல்கிறார்கள். உச்சம் 150 தானே, 400 தாராளம் என்று தோன்றும். வர்க்கம் எடுத்தவுடன் அது ½ + ½ cos(600πt) ஆகிறது. மறுபடி அதே 300, மறுபடி 100-இல் போய் விழுகிறது. முதலில் சாம்பிள் செய்துவிட்டுப் பிறகு கணினியில் வர்க்கப்படுத்தினாலும் வருவது அதே எண்கள்தான். 150 ஹெர்ட்ஸ் அலைக்கு 400 போதும், அதன் வர்க்கத்துக்குப் போதாது என்பதை விடையில் ஒரு வரியாவது சொல்லியிருக்கலாம்.

அடுத்த இதழில் எட்டாம் கேள்விக்குத் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். விடையின் முதல் வரி ‘பாதி வீதம் 200, சிக்னலின் உச்சம் 300, எனவே மடிப்பு உண்டு’ என்று இருக்கட்டும். அந்த வரிக்குத் தனி மதிப்பெண்ணும் குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
சிக்னல் பிராசசிங் ஆசிரியர் ஒருவர்