அக்கா, ஒரு பரிந்துரைக் கடிதம் வேண்டும்

அன்புள்ள அக்காவுக்கு,

வருகிற வெள்ளிக்கிழமையோடு என் இண்டர்ன்ஷிப் முடிகிறது. பாயான் லெப்பாஸில், உங்கள் டெஸ்ட் பிரிவில் 14 வாரம் ஓடிவிட்டது. முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறேன், அதற்கு நீங்கள் ஒரு பரிந்துரைக் கடிதம் தர வேண்டும். இரண்டு மாதம் போனால் அடுத்த பயிற்சி மாணவர்கள் வந்துவிடுவார்கள், யார் எதைச் செய்தார்கள் என்று நினைவில் வைத்திருப்பது கஷ்டம், அதனால்தான் இப்போதே கேட்கிறேன்.

மனிதவளப் பிரிவு ஒரு கடிதம் தருகிறது. அதில் சேர்ந்த தேதி, முடித்த தேதி, பிரிவின் பெயர், அவ்வளவுதான். நான் எப்படி வேலை செய்வேன் என்று பக்கத்தில் நின்று பார்த்தவர் நீங்கள்தான்.

'கடின உழைப்பாளி, நேரம் தவறாதவர்' என்று எல்லாருடைய கடிதத்திலும் இருக்கும். எனக்கு 9-ஆம் வாரம் நடந்ததை எழுதினால் போதும் அக்கா. நான்கு சாக்கெட்டில் நான்கு சிப்பை ஒரே நேரத்தில் சோதிக்கும் அந்த டெஸ்டரில், மூன்றாவது இடத்தில் மட்டும் தொடர்பு இல்லை என்று நிறைய சிப் ஃபெயில் ஆகிக்கொண்டே இருந்தது, அதே சிப்பை வேறு இடத்தில் போட்டால் பாஸ் ஆனது. ஃபெயில் ஆனவற்றை மட்டும் எண்ணி, முதல் இடம்தான் ரொம்ப நல்லது என்று எழுதிக் கொண்டுவந்தேன். "அங்கே மொத்தம் எத்தனை சோதித்தார்கள்?" என்று கேட்டீர்கள். முதல் இடத்தை அரை ஷிப்ட் அணைத்து வைத்திருந்தது அப்புறம்தான் தெரிந்தது. மொத்தத்தால் வகுத்துப் பார்த்தபோது மூன்றாவது மட்டும் தனியாக நின்றது. முதல் சாக்கெட்டையும் மூன்றாவதையும் இடம் மாற்றினேன், கோளாறும் சாக்கெட்டோடு சேர்ந்தே நகர்ந்தது. அப்படியென்றால் டெஸ்டரில் குறையில்லை, சாக்கெட்டில்தான். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் போகோ பின் முனைகளில் ஈயப்பற்றுத் துகள் ஒட்டியிருந்தது, சுத்தம் செய்ததும் சரியாகிவிட்டது.

அந்தக் கணக்குத் தப்பையும் சேர்த்தே எழுதுங்கள். தப்பைச் சொன்னதும் நான் என்ன செய்தேன் என்பது அதில்தான் இருக்கிறது. விழுக்காடு, வாடிக்கையாளர் பெயர், சிப்பின் பெயர் எதுவும் வேண்டாம், ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

பல்கலைக்கழகம் உங்கள் மின்னஞ்சலுக்கு நேரடியாக இணைப்பு அனுப்பும், ஜிமெயிலை ஏற்க மாட்டார்கள் என்பதால் நிறுவன முகவரியைக் கொடுக்கலாமா? கடிதத்தைப் பார்க்கும் உரிமை வேண்டாம் என்று படிவத்தில் குறித்துவிட்டேன், அதனால் மனதில் பட்டதை எழுதலாம். கடைசித் தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. நேரமில்லை என்றாலோ, என்னைப் பற்றி உறுதியாக எழுத முடியாது என்று தோன்றினாலோ இந்த வாரமே சொல்லிவிடுங்கள், வருத்தப்பட மாட்டேன், என் விரிவுரையாளரிடம் கேட்டுக்கொள்வேன்.

வெள்ளிக்கிழமை பாஸ் அட்டையைத் திருப்பிக் கொடுக்க வரும்போது லாக்புக்கையும் கொண்டு வருகிறேன். 9-ஆம் வாரத்துப் பக்கத்தில் அடையாளம் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பயிற்சி மாணவி