வெள்ளி இரவு ஆமை நடைப் பொறுப்பை ஏற்க இயலாமை குறித்து

சென்னைக் கடற்கரையில் ஆமை நடையை நடத்தும் ஒருங்கிணைப்பாளர் அவர்களுக்கும் குழு நண்பர்களுக்கும்,

வணக்கம். 2026 பருவத்துக்கு, கரையில் கடலாமைக் கூடுகளைத் தேடும் வெள்ளி இரவு நடையையும், எடுத்த முட்டைகளைப் பாதுகாத்துப் பொரிக்க வைக்கும் பொரிப்பகத்தின் மாலைக் காவலையும் சேர்த்து என் பொறுப்பில் விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். என்னால் ஏற்க இயலாது. இதைத் தனியாகச் சொல்லாமல் குழுவுக்கே எழுதக் காரணம், அடுத்து நீங்கள் யாரைக் கேட்டாலும் அவரும் தன் நாட்காட்டியில் இதே இடங்களைப் பார்த்தாக வேண்டும் என்பதுதான்.

இணைத்திருக்கும் ஸ்கிரீன்ஷாட்கள் என் நாட்காட்டியின் வாரக் காட்சியில் எடுத்தவை. மாதக் காட்சியில், இரவு 11 மணிக்குத் தொடங்கி விடிகாலை 4 மணிக்கு முடியும் நடை வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் ஒரே வரியாக நிற்கும். சனிக்கிழமை காலை காலியாக இருப்பதுபோல் தோன்றும். வாரக் காட்சியில்தான் அது நள்ளிரவைத் தாண்டிச் சனிக்கிழமைப் பத்தியிலும் இடம் பிடிப்பது தெரியும். கறுப்புக் கட்டங்கள் என் கணக்கு அலுவலக வாடிக்கையாளர்களின் பெயர்கள். ஹைலைட்டரால் பூசினால் படத்தின் வெளிச்சத்தைக் கூட்டி எழுத்தைப் படித்துவிடலாம் என்பதால், முழுக் கறுப்பில் மூடியிருக்கிறேன்.

முதல் மோதல் எளிது. மாதந்தோறும் ஜிஎஸ்டி தாக்கல் செய்பவர்களுக்கு GSTR-3B படிவத்தின் கடைசி நாள் 20ஆம் தேதி. 2026இல் பிப்ரவரி 20, மார்ச் 20 இரண்டுமே வெள்ளிக்கிழமை. கணக்கு அலுவலகத்தில் அந்த நாள் எப்போது முடியும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் ஜனவரி முதல் மார்ச் வரை வரும் 13 வெள்ளிகளில் இரண்டுதான் இவை. மாற்றாள் வைத்துச் சமாளித்துவிடலாம். இது மட்டும் என்றால் நான் மறுத்திருக்க மாட்டேன்.

உண்மையில் மோதுவது பொரிப்பகக் காவல்தான். நடையில் கூடு கிடைத்து, முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு மாற்றிய நாளோடு வேலை முடிவதில்லை. முட்டைகள் பொரிய ஏறக்குறைய 45 முதல் 55 நாள் ஆகும். ஒரு கூட்டை எடுத்துக்கொள்வோம். பிப்ரவரி 6 வெள்ளி இரவு நடையில், நள்ளிரவு தாண்டி 2 மணிக்குக் கூடு கிடைத்தால், பதிவேட்டில் எழுத வேண்டிய தேதி பிப்ரவரி 7. "வெள்ளி நடை" என்பதால் 6 என்றே எழுதிவிடுவது அடிக்கடி நேரும் பிழை. 7ஆம் தேதியிலிருந்து எண்ணினால் 45ஆம் நாள் மார்ச் 24. 55ஆம் நாள் ஏப்ரல் 3. இரண்டாவது ஸ்கிரீன்ஷாட்டில் சிவப்பாக நிறைந்திருப்பது இதே நாள்கள்: மார்ச் 31 ஆண்டுக் கணக்கு முடிப்பு, அதற்கு முந்தைய வாரத்தின் மாலைகள், சரக்கு எண்ணிக்கைக்கான வெளியூர்ப் பயணம்.

ஆலிவ் ரிட்லியைப் பங்குனி ஆமை என்று நம் கரையோர மக்கள் அழைக்கிறார்கள். கணக்கு எழுதுபவர்களுக்கு ஆண்டு முடிவதும் அதே பங்குனியில்தான். பருவம் முழுக்க இந்த மோதல் இருக்கும். ஒரு வாரத்தைத் தள்ளி வைத்துத் தப்ப முடியாது.

மாலைக் காவலை ஒருநாள் விட்டால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும், புதியவர்களுக்காகச் சொல்கிறேன். மணல் குளிர்ந்த பிறகு, பெரும்பாலும் இரவில், குஞ்சுகள் மேலே வரும். கூட்டைச் சுற்றி வைத்த கூடைக்குள் அவை மணிக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தால், கடலில் நீந்த வேண்டிய தெம்பு கரையிலேயே தீர்ந்துவிடும். பொழுது சாய்ந்ததும் ஒருவர் அங்கே நின்று, திரும்பத் திரும்பப் பார்த்து, வந்தவற்றை உடனே அலையருகே விட வேண்டும். நகர விளக்குகள் பின்னால் இருப்பதால் அவை திசை மாறாமல் இருக்கிறதா என்றும் கவனிக்க வேண்டும். "வேலை முடிந்து பத்து மணிக்கு வருகிறேன்" என்பவர் இதற்கு உதவ மாட்டார்.

எனவே ஒரு வேண்டுகோள். நடைத் தலைமையையும் பொரிப்பகக் காவலையும் ஒரே ஆளிடம் கொடுக்காதீர்கள். பொரிப்பகத்துக்கு ஆளைக் கேட்கும்போது ஜனவரி, பிப்ரவரியில் நேரம் இருக்கிறதா என்று கேட்காமல், மார்ச் 15 முதல் ஏப்ரல் 15 வரை மாலை 6 மணிக்கு மேல் வர முடியுமா என்று கேளுங்கள். வாரக் காட்சியின் படத்தையும் எடுத்த தேதியோடு வாங்கிக்கொள்ளுங்கள். என் படங்கள் டிசம்பர் 14 அன்று எடுத்தவை. அதன்பின் மாற்றம் வந்தால் புதிய படம் அனுப்புகிறேன்.

ஜனவரியின் ஐந்து சனி இரவுகளிலும் நடைக்கு வர முடியும், பச்சையில் குறித்திருக்கிறேன். கூடுகளின் தேதிப் பதிவைச் சரிபார்த்து, ஒவ்வொன்றுக்கும் 45ஆம் நாளைக் கணக்கிட்டு எழுதும் வேலையைப் பருவம் முழுதும் செய்து தருகிறேன். அதை வீட்டிலிருந்தே, எந்த நேரத்திலும் செய்யலாம்.

அன்புடன்,
சனி இரவு நடைத் தன்னார்வலர்